ஐயா, எல்லா? ஒரு போஸ்டரும் சில எழுத்துகளும்



நம் அறிவிப்புப் பக்கத்துக்கு வரும் செய்திகள் முன்பெல்லாம் தபால் அட்டையில் வந்தன. பிறகு குறுஞ்செய்தியாக வந்தன. இப்போது முக்கால்வாசி படமாகத்தான் வருகின்றன. கோயில் அன்னதானம், பல் பரிசோதனை முகாம், பெண்கள் விடுதியில் காலி இடம், ஆண்டு விழா, எல்லாவற்றுக்கும் ஒரு போஸ்டர். யாரோ கைப்பேசியிலேயே வடிவமைத்திருப்பார்கள். அது நாலைந்து குழுக்களைச் சுற்றிவிட்டு வாட்ஸ்அப்பில் நமக்கு வந்து சேரும். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு, நடுவில் படம், அடியில் எறும்பு வரிசைபோல ஒரு கைப்பேசி எண், ஒரு மின்னஞ்சல், "பதிவு செய்ய" என்று ஓர் இணைப்பு. கூடவே ஒரு வரி: "அப்படியே போட்டுடுங்க சார்."

அப்படியே போட முடியாது என்பதுதான் சிக்கல். நம் பக்கத்தில் ஓர் அறிவிப்புக்குக் கிடைக்கும் இடம் இரண்டு விரல் அகலம். போஸ்டரை அதற்குள் சுருக்கினால் அடிவரி புள்ளியாகிவிடும். அதனால் எண்ணையும் முகவரியையும் படத்திலிருந்து எழுத்தாக எடுத்தாக வேண்டும். கூகுள் லென்ஸில் காட்டினால் எடுத்துத் தருகிறது. ஐபோனில் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாலே எழுத்து தேர்வாகிறது. வேலை நொடியில் முடிகிறது. அதன்பிறகுதான் நம் பக்க வடிவமைப்பாளர் திரையைப் பெரிதாக்கிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்: "சார், இது ஐயா, எல்லா?"

ஆங்கிலப் பெரிய எழுத்து I, சின்ன எழுத்து l, எண் 1. இந்த மூன்றும் ஒரு செங்குத்துக் கோடுதான். 1-க்குப் பெரும்பாலான எழுத்துருக்களில் தலையில் ஒரு சின்ன மூக்கு இருக்கும். மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை. பழைய தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் 1-க்கென்று தனி விசையே கிடையாது. இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிங் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், சின்ன l-ஐத்தான் ஒன்றாக அடித்தோம். தாளில் அதைப் படித்தது மனிதர். ஆண்டு 1968 என்று புரிந்துகொண்டார். இணைப்பைப் படிப்பது கணினி. அதற்கு l வேறு, 1 வேறு, I வேறு.

நான் சொல்லவருவதை ஓர் உதாரணத்தில் காட்டிவிடுகிறேன். நம் அலுவலகம் இருக்கும் வேலப்பன்சாவடியிலிருந்து வந்த ஒரு போஸ்டரின் கடைசி இரண்டு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணைப்பு நான் புனைந்தது. example.com என்பது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கும் பெயர், யாருடையதும் அல்ல.

```
Velappanchavadi, Chennai 600077
Info: example.com/f/kI7rnO2v
```

இங்கே அச்சில் எழுத்துகள் ஓரளவு பிரிந்து தெரியலாம். போஸ்டரில், அதுவும் வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில், k-க்கு அடுத்து இருப்பது வெறும் கோடு: I-ஆக இருக்கலாம், l-ஆக இருக்கலாம். 7-க்கு அடுத்து இருப்பது rn-ஆக இருக்கலாம், ஒட்டிக்கொண்ட m-ஆகவும் இருக்கலாம். அதற்கடுத்த வட்டம் பெரிய O, சின்ன o, பூஜ்யம் என மூன்றில் ஒன்று. பிறகு 2 அல்லது Z. கடைசியில் சின்ன v அல்லது பெரிய V. பெருக்கிப் பாருங்கள்: இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு. ஒரே படம், 48 வெவ்வேறு இணைப்புகள். அவற்றில் ஒன்றுதான் சரி.

சின்ன எழுத்து, பெரிய எழுத்து வேறுபாட்டுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். இணைய முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதிக்கு அந்தக் கவலை இல்லை. example.com என்றாலும் EXAMPLE.COM என்றாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது அந்தந்தத் தளத்தின் விருப்பம். பெரும்பாலான தளங்கள் V-யையும் v-யையும் வேறாகவே பார்க்கின்றன. விண்ணப்பப் படிவங்களின் சுருக்க இணைப்பு, வாட்ஸ்அப் குழுவில் சேரும் இணைப்பு, யூடியூப் காணொளியின் இணைப்பு எல்லாம் இந்த வகை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் மூன்றையும் கலந்த அர்த்தமற்ற சரம் அது. "கைப்பேசி தானாக முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டது, பரவாயில்லை" என்று விட்டால் பக்கம் திறக்காது.

இப்போது 48-ஐ ஒன்றாகக் குறைக்கும் வழி. பலரும் சந்தேக எழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் பயனில்லை, கோட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடுதான். அதே போஸ்டரில் சந்தேகமில்லாத சொற்களில் அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். மேலே உள்ள இரண்டு வரியையே பாருங்கள். Velappanchavadi என்ற ஊர்ப்பெயரில் மூன்றாவது எழுத்து நிச்சயமாக l. Info என்பதன் முதல் எழுத்து நிச்சயமாக I. இரண்டையும் சந்தேகக் கோட்டையும் பெரிதாக்கி அருகருகே வைத்தால், பல எழுத்துருக்களில் l ஒரு மயிரிழை உயரமாக இருப்பது தெரியும். நம் ஊர்ப்பெயரின் தொடக்கத்தில் பெரிய V, நடுவில் சின்ன v. பின்கோடு 600077-இல் மூன்று பூஜ்யங்கள். பூஜ்யம் பெரும்பாலும் ஒடுங்கிய முட்டை வடிவம், பெரிய O அகன்ற வட்டம். சின்ன o வேண்டுமானால் com-இல் இருக்கிறது. அதே com-இல் m-உம் இருக்கிறது. Chennai-யில் n இருக்கிறது. உண்மையான m-இல் இரண்டு வளைவுகளும் ஒரே அகலம். rn-இல் r-இன் கை n-ஐத் தொடும் இடத்தில், n-இன் தலையில் ஒரு சின்ன வெட்டு தெரியும். 2-க்கு மட்டும் இந்த இரண்டு வரியில் மாதிரி இல்லை. ஆனால் Z-இன் மேல்கோடு நேர்க்கோடு, 2-இன் தலை வளைவு, அந்த அளவுக்குப் படம் தெளிவாக இருந்தால் போதும்.

போஸ்டரின் தலைப்பில் உள்ள எழுத்தை ஒப்பிடாதீர்கள். தலைப்பு ஓர் எழுத்துருவிலும் அடிவரி இன்னோர் எழுத்துருவிலும் இருக்கும். ஒப்பிட்டால் அதே வரியோடு, இல்லாவிட்டால் அதே எழுத்துருவில் உள்ள பக்கத்து வரியோடு.

இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது. ஏரியல் எழுத்துருவில் I-யும் l-உம் ஒரே உயரம். பக்கத்தில் எத்தனை மாதிரி இருந்தாலும் படத்திலிருந்து பிரிக்க வழியில்லை. அங்கே ஊகிக்கவே கூடாது, அனுப்பியவரைக் கேட்பதுதான் முறை. அதேபோல நம் ஊர்ப்பெயரே முகவரியின் பகுதியாக வந்தால் நம்மவர்களுக்குத் தனிச் சங்கடம். நெடுஞ்சாலையில் மதுரவாயலிலிருந்து பூந்தமல்லி வரை ஒரு நடை போய்ப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஒரு கடையில் Velappanchavadi, அடுத்த கடையில் Vellappanchavadi, இன்னொன்றில் Velapanchavadi. தபால்காரருக்கு மூன்றும் ஒன்றே. மின்னஞ்சலுக்கு மூன்றும் மூன்று ஊர். "நமக்குத் தெரிந்த ஊர்தானே" என்று மனசு பழக்கப்பட்ட எழுத்தை அடித்துவிடும். தெரிந்த பெயரில்தான் கண் படிப்பதை நிறுத்திவிடுகிறது.

மின்னஞ்சலில் சில விதிகள் நமக்குத் துணையாக வருகின்றன. @ குறிக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் தெரிந்த பெயர்தான். அங்கே லென்ஸ் grnail என்றோ gmai1 என்றோ எடுத்திருந்தால் யோசிக்காமல் திருத்தலாம். @-க்கு முன்னால் உள்ளதில்தான் நிதானம் வேண்டும். ஒரு கேள்வி நிறைய உதவும்: முகவரி முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்கிறதா? அப்படியானால் அந்தக் கோடு பெரிய I-ஆக இருக்க நியாயமில்லை. சின்ன i-க்குத் தலையில் புள்ளி உண்டு; புள்ளி இல்லாத கோடு l அல்லது 1. இதுவே பாதி சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

அடிக்கோடு இன்னொரு கண்ணி. முகவரிக்குக் கீழே நீலக்கோடு போட்டிருந்தால், நடுவில் இருக்கும் _ அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடும். பார்ப்பவர் இடைவெளி என்று நினைத்து இரண்டு சொல்லையும் சேர்த்து அடித்துவிடுவார். மின்னஞ்சல் முகவரிக்குள் இடைவெளி வராது. அதனால் இடைவெளிபோலத் தெரிந்தால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. ஜிமெயில் முகவரியாக இருந்தால் அந்தச் சந்தேகமும் தீரும். அங்கே எழுத்து, எண், புள்ளி மட்டும்தான் அனுமதி, _ கிடையாது. அது புள்ளியாகத்தான் இருக்க வேண்டும். புள்ளியை விட்டுவிட்டாலும் ஜிமெயில் கண்டுகொள்ளாது. புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே கணக்கு. மற்ற நிறுவனங்களின் முகவரியில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். தளத்தின் பெயரிலும் _ வராது. அங்கே அதுபோலத் தெரிவது நடுக்கோடு.

தவறாக அடித்தால் கடிதம் திரும்பி வந்துவிடுமே என்று நம்புபவர்கள் உண்டு. அந்த முகவரியில் யாருமே இல்லையென்றால்தான் திரும்பும். kamal1-க்கு அனுப்ப வேண்டியதை kamall-க்கு அனுப்பினால், அங்கே இன்னொரு கமல் இருப்பார். உங்கள் மகனின் மதிப்பெண் பட்டியலும் ஆதார் நகலும் சத்தமில்லாமல் அவருடைய பெட்டியில் போய் உட்கார்ந்துவிடும். இந்த ஒற்றுமையை வைத்தே ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டிலேயே பேபால் நிறுவனத்தின் பெயரில் கடைசி l-க்குப் பதில் I-ஐ வைத்து, paypai.com என்ற பக்கத்துக்கு மக்களை இழுத்துக் கடவுச்சொல் பறித்த கதை நடந்தது. பெரிய எழுத்தில் PayPaI என்று எழுதினால் யாருக்குத்தான் தெரியும்?

கைப்பேசி எண்ணுக்கு வருவோம். பத்தே இலக்கம், எழுத்துகளின் தொல்லை இல்லை, அதனால் இதுதான் சுலபம் என்று தோன்றும். எனக்கு இதில்தான் பயம் அதிகம். நம் ஊர் எண்ணுக்கு இரண்டே விதிகள்: மொத்தம் பத்து இலக்கம்; முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. அதைத் தாண்டிச் சரிபார்க்க எண்ணுக்குள் எதுவும் இல்லை. ஆதாரில் அப்படி இல்லை. பன்னிரண்டாவது இலக்கம் முன்னுள்ள பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஓர் இலக்கம் மாறினால் கணினி உடனே பிடித்துவிடும். கைப்பேசி எண்ணில் 3-ஐ 8 ஆக்கினால் அதுவும் நல்ல எண்தான். அடித்தால் மணி அடிக்கும். பூந்தமல்லிக்குப் பதில் பொள்ளாச்சியில் யாரோ எடுப்பார்கள்.

3-உம் 8-உம் குழம்புவதற்குக் காரணம் படச்சுருக்கம். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் நுணுக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகும். 3-இன் இடப்பக்கத் திறப்பு சின்ன நுணுக்கம். நாலு பேர் சேமித்துச் சேமித்துத் திரும்ப அனுப்பினால் அது சாம்பல் பூசி மூடிக்கொள்ளும். 5-உம் 6-உம், 6-உம் 8-உம் அப்படித்தான். சுவரொட்டியில் கையால் எழுதியதென்றால் 1-உம் 7-உம், 4-உம் 9-உம் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் மங்கல் படம் நமக்கு ஒரு விதத்தில் நல்லது, சந்தேகமாவது வருகிறது. படம் பளிச்சென்று இருந்தும் எண் தவறாக இருந்த கதை ஒன்று உண்டு. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஒரு வீட்டு வரைபடத்தை ஸ்கேன் செய்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்று அறைக்கும் 14.13 என்றே தெளிவாக வந்திருந்தது. கலங்கல் இல்லை, கீறல் இல்லை. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக அந்த இயந்திரம் பக்கத்தைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒன்றுபோல் தோன்றிய துண்டுகளுக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தது. விலைப்பட்டியல்களில் 6 இருந்த இடத்தில் 8 உட்கார்ந்திருந்ததையும் அவர் காட்டினார். நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. படம் தெளிவாக இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இலக்கங்களின் எண்ணிக்கையை எண்ணுவது அற்பமாகத் தோன்றும், ஆனால் நம் மேசையில் அதிகம் பிடிபடுவது அதில்தான். கடைப்பலகையில் இரண்டு எண்ணுக்கு நடுவே சாய்கோடு போட்டிருப்பார்கள். லென்ஸ் அதை 1 என்று எடுத்துவிடும், எண் பதினொரு இலக்கமாகும். கடைசியில் "45 / 46" என்று இருந்தால் அது இரண்டு எண் என்பது மனிதருக்குத்தான் புரியும். 91 ஒட்டிக்கொண்டு பன்னிரண்டு இலக்கமாவதும் உண்டு. இன்னொரு பக்கம் 888, 000 என்று அடுக்கி வரும் இடங்களில் ஒன்று விழுந்துவிடும். நாம் ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒருவர் படத்தைப் பார்த்து வாசிக்க இன்னொருவர் அச்சுப்படியைப் பார்த்துச் சரிபார்க்கிறோம். "டபுள் எய்ட்", "ட்ரிபிள் ஜீரோ" என்று வாசிக்க நம் மேசையில் தடை. எட்டு, எட்டு என்று தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். கடைசியில் அச்சுப்படியில் இருக்கும் எண்ணையே அழைத்துப் பார்ப்போம், போஸ்டரில் இருப்பதை அல்ல.

இந்தத் தொல்லை நமக்குப் புதிதா என்றால் இல்லை. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கும் வழக்கம் அருகிப்போயிருந்தது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவம். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது. அப்படிப்பட்ட ஏடுகளை ஒப்புநோக்கித்தான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அவருக்குப் பல பிரதிகள் இருந்தன, எதுகை மோனை இருந்தது, யாப்பு இருந்தது, உரை இருந்தது. ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் அடி ஓரிடத்தில் இடறும். இடறிய இடத்தில் நின்று திருத்தலாம். kI7rnO2v-க்கு எதுகையும் இல்லை, பொருளும் இல்லை. எந்த எழுத்தை மாற்றிப் போட்டாலும் இடறாது. லென்ஸ் போன்ற கருவிகள் சொற்களைப் படித்துப் பழகியவை என்பதால், இப்படிப்பட்ட சரத்தையும் ஏதோ ஒரு சொல்போல ஆக்கப் பார்க்கும். எழுத்துகளுக்கு நடுவே வந்த 0-ஐ O என்று எடுப்பது அதனால்தான். தனக்குச் சந்தேகம் என்று அது சொல்லவும் சொல்லாது.

நம் பக்கத்திலும் ஒரு குறை இருந்தது, அதைச் சரிசெய்கிறோம். குறுகிய பத்தியில் நீண்ட இணைப்பு வரி உடைந்து வந்தால், பக்க வடிவமைப்பு மென்பொருள் தானாக ஒரு சிறு கோடு போட்டுவிடும். அது முகவரியின் பகுதியா, வரி உடைந்த அடையாளமா என்று படிப்பவருக்குத் தெரியாது. இந்த இதழ் முதல் முகவரிகள் உடைந்தால் சாய்கோடு அல்லது புள்ளிக்கு முன்னால்தான் உடையும், கோடு வராது. வாக்கியத்தின் கடைசியில் முகவரி வந்தால் முற்றுப்புள்ளி வைக்க மாட்டோம். இலக்கணப் பிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும். முகவரிகளுக்கு மட்டும் வெர்டானா எழுத்துருவுக்கு மாறியிருக்கிறோம். திரையில் படிப்பதற்கென்றே மேத்யூ கார்ட்டர் வடிவமைத்து 1996-இல் வெளிவந்த எழுத்துரு அது. அதில் I-க்கு மேலும் கீழும் குறுக்குக்கோடு உண்டு, 1-க்கு அடியில் பீடம் உண்டு, l மட்டுமே வெறும் கோடு. நீங்களும் ஓர் இணைப்பை நகலெடுத்ததும் அதை வெர்டானாவிலோ கூரியரிலோ மாற்றிப் பாருங்கள். லென்ஸ் எதை எடுத்தது என்பது உடனே தெரிந்துவிடும்.

அறிவிப்பு அனுப்பும் அன்பர்களுக்கு: போஸ்டரை அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதன் கீழேயே எண்ணையும் மின்னஞ்சலையும் இணைப்பையும் எழுத்தாக ஒட்டி அனுப்புங்கள். இணைப்பைப் போஸ்டரைப் பார்த்து அடிக்காமல், படிவத்தைத் திறந்து "காப்பி லிங்க்" கொடுத்து ஒட்டுங்கள். எழுத்தாகத் தர முடியாத நிலையில் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் சுருங்காமல் வரும். க்யூஆர் குறியீடு வைத்திருந்தால் அதை மட்டும் தனிப்படமாகத் தாருங்கள். அதில் பிழைதிருத்தம் உள்ளேயே இருப்பதால், ஒரு பகுதி அழிந்தாலும் படித்துவிடலாம், இல்லாவிட்டால் படிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிடும். அடுத்த இதழுக்கான குறிப்புகள் 20-ஆம் தேதிக்குள் வந்தால், அச்சுப்படியிலிருந்து உங்களை ஒருமுறை அழைத்துப் பார்க்க எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்